பருத்திமார் கரியும் மண்ணும்: கருத்தரங்கில் வந்த கேள்விகள்

மண்ணியல் கருத்தரங்கில் பயிர்க்கழிவுக் கரி (பயோசார்) பற்றிப் பேசி முடித்த பிறகு, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டே கேட்ட கேள்விகள்தான் இதில் பெரும்பாலும். மாணவர்களும் கேட்டார்கள், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த விவசாயிகளும் கேட்டார்கள். எல்லாக் கழிவையும் தொட்டால் பேச்சு சிதறும் என்பதால் பருத்தி எடுத்து முடித்த பிறகு வயலில் நிற்கும் காய்ந்த தண்டான பருத்திமாரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பயோசார்னா கரிதானே சார்? அடுப்புக்கரிக்கு எதுக்குப் புதுப் பேரு?

கரிதான். காற்று போதாமல் சூடாக்கினால் மரமோ மாரோ எரிந்து தீராமல் கரியாக நின்றுவிடும். மண்ணில் போடுவதற்காகச் செய்தால் பயோசார், அடுப்பில் போடச் செய்தால் அடுப்புக்கரி. ஆனால் செய்முறையில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. அடுப்புக்கரியில் கொஞ்சம் தார் மிச்சமிருந்தாலும் குறையில்லை, நன்றாகவே எரியும். மண்ணுக்குப் போகிற கரியில் தார் இருக்கக் கூடாது, விதை முளைப்பதையே அது கெடுத்துவிடும். அதனால் மண்ணுக்கான கரியை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோவது நல்லது.

மாரை வயலிலேயே கொளுத்தினா சாம்பல் கிடைக்குது, அதுவும் உரம்தானே?

சாம்பல்சத்து கிடைக்கும், சுண்ணாம்பும் கிடைக்கும். கார்பன்தான் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். காய்ந்த மார் 1 டன்னில் ஏறக்குறைய 450 கிலோ கார்பன் இருக்கிறது. திறந்த வெளியில் கொளுத்தினால் அதில் ஏறக்குறைய எல்லாமே புகையாகப் போகும். கரியாக்கினால் 1 டன்னுக்கு 250 கிலோ கரி தேறும். அதில் 70 சதவீதம் கார்பன் என்று வைத்தால் 175 கிலோ நம் கையில் நிற்கிறது, அதாவது இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு.

"மிச்ச மூன்று பங்கு போச்சே, அப்படியே மடக்கி உழுதால் முழுசும் மண்ணுக்குத்தானே?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. நம் வெயிலுக்கு உழுதுவிட்ட தழையும் தண்டும் சில வருடங்களில் மட்கிக் காற்றோடு போய்விடும், மண்ணில் தங்குவது சொற்பம். ஆனால் அந்த மட்கும் வேலையால்தான் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, மண் கட்டி உடையாமல் பொலபொலவென்று இருக்கிறது. கரி அந்த வேலையைச் செய்யாது. எளிதாக மட்கக்கூடியதைக் கரியாக்குவது வீண் என்பது என் கட்சி. வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும். மக்காச்சோளத் தட்டையும் மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகட்டும். பருத்திமார் கட்டை மாதிரி இருக்கும், லேசில் மட்காது. விட்டுப்போன காய்களில் இளஞ்சிவப்பு காய்ப்புழு ஒளிந்திருக்கும் என்பதால் அதை எப்படியும் வயலைவிட்டு அகற்றத்தான் வேண்டும். கரிக்கு ஏற்றது அதுதான்.

டிரம் எல்லாம் இல்ல. குழியில செய்ய முடியுமா?

முடியும், என் அனுபவத்தில் குழிதான் எளிது. மேலே ஒன்றரை மீட்டர் அகலம், நடுவில் முக்கால் மீட்டர் ஆழம் வருகிற மாதிரி கூம்பு வடிவில் வெட்டிக்கொள்ள வேண்டும். மார் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒடித்தால் 'படக்'கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

அடியில் சிறு நெருப்பு மூட்டி அது நன்றாகப் பிடித்ததும் ஒரு அடுக்கு மார் பரப்புங்கள். அந்த அடுக்கு சிவந்து, மேலே வெள்ளையாகச் சாம்பல் படியத் தொடங்கும் தருணத்தில் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலடுக்கு எரியும் சுவாலையே காற்றை உறிஞ்சிக்கொள்வதால் கீழடுக்குக்குக் காற்று எட்டாது. அதனால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே கிடக்கும். மூடி போடாத குழியில் கரி எப்படி வருகிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில்: அந்தச் சுவாலைதான் மூடி.

புகையைப் பார்த்தே வேலையின் தரத்தைச் சொல்லிவிடலாம். சுவாலை நின்று எரிந்து புகை ஏறக்குறைய இல்லாமல் இருந்தால் சரி. வெள்ளைப் புகை கிளம்பினால் ஈர மாரைப் போடுகிறீர்கள், அல்லது அவசரப்பட்டு நிறையப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் புகையில் மீத்தேன் போகும். கார்பனைச் சேமிக்கிறேன் என்று கிளம்பியவருக்கு அது எதிர்வேலை.

குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். சில குடங்கள் போதாது, பல நூறு லிட்டர் வேண்டும். முதல் முறை நான் குறைவாக ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் குழியில் பாதி வெள்ளைச் சாம்பல். ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரு தணல் இரவு முழுக்க வேலை பார்த்திருக்கிறது.

கரி சரியா வந்திருக்கான்னு லேபுக்குப் போகாம எப்படித் தெரியும்?

ஒரு துண்டை எடுத்து உடையுங்கள். நல்ல கரி கண்ணாடி மாதிரி 'கிளிங்'கென்று உடையும், உடைந்த இடம் பளபளக்கும், தண்டின் நுண்குழாய்கள் அப்படியே தெரியும். உள்ளே பழுப்பாக நார் தெரிந்தால் பாதிதான் வெந்திருக்கிறது. அப்புறம் கரியை விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு போய்விட்டால் நல்லது. பிசுக்காக ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் இருக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால் இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து, ஒன்றில் கரித்தூளைக் கலந்த தண்ணீரும் மற்றதில் வெறும் தண்ணீரும் தெளித்து 20, 20 பாசிப்பயறு போட்டு வையுங்கள். மூன்று நாளில் வேரின் நீளத்தை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

ஆய்வுக்கூட வசதி இருக்கும் மாணவர்கள் இரண்டு எண்ணை விட்டுவிடக் கூடாது. ஒன்று, கரியின் பி.எச். மண்ணுக்குச் செய்கிற மாதிரி 1:2 விகிதத்தில் கலக்காதீர்கள், கரி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சேறாகிவிடும். 1:20 விகிதத்தில் கலந்து ஒன்றரை மணி நேரம் குலுக்கிவிட்டு அளக்க வேண்டும். மற்றது, ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம். 0.7-க்குக் கீழே இருந்தால்தான் சர்வதேசத் தரங்கள் அதைப் பயோசார் என்று ஒப்புக்கொள்கின்றன. 0.4-க்கும் கீழே போனால் மண்ணில் இன்னும் நீண்ட காலம் தாங்கும்.

ஏக்கருக்கு எத்தனை கிலோ போடணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

கட்டுரைகளில் அடிக்கடி வரும் அளவு ஹெக்டேருக்கு 10 டன், நம் கணக்கில் ஏக்கருக்கு 4 டன். இந்த எண்ணைக் கேட்டுவிட்டு விவசாயி எழுந்து போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஏக்கர் பருத்தியில் காய்ந்த மார் 1 டன் கிடைத்தால் 250 கிலோ கரி வரும். 4 டன் சேர்க்க 16 வருடம் ஆகும்!

ஆனால் கரியை வயல் முழுக்க ஏன் வீச வேண்டும்? வேர் இருக்கும் இடத்துக்குத்தானே தேவை. மண்ணின் பரும அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்துக்கொள்வோம். 250 கிலோவை ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்தால் அது 850 டன் மண்ணில் கரைந்துவிடும். மண்ணில் கரியின் பங்கு 0.03 சதவீதம். ஒன்றுமே போடாததற்குச் சமம்.

அதே 250 கிலோவை விதைக்கும் வரிசையில் மட்டும் போடுவோம். வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் மொத்த வரிசை நீளம் சுமார் 4,500 மீட்டர். 10 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள சால் பிடித்தால் அதில் வரும் மண் 45 கன மீட்டர், அதாவது 63 டன். இப்போது கரியின் பங்கு 0.4 சதவீதம். ஹெக்டேருக்கு 10 டன் வீசினால் வருவது 0.48 சதவீதம்தான். சொந்த வயல் மாரை வைத்தே கட்டுரையில் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், வரிசையில் மட்டும்.

எடை போடும்போது ஓர் எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றி அணைத்த கரி தன் எடைக்குச் சமமாக, சில நேரம் அதைவிடக் கூடுதலாகக்கூட, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு வருடம் நான் ஈரக்கரியை அப்படியே நிறுத்துப் போட்டுவிட்டு, "கரி வேலை செய்யவில்லை" என்று நோட்டில் எழுதி வைத்தேன். உண்மையில் பாதி அளவுகூடப் போட்டிருக்கவில்லை. ஒரு கைப்பிடியை எடுத்து 105 டிகிரியில் காயவைத்து ஈரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

எங்க நிலம் கரிசல், பி.எச். 8.4. மாரும் எங்ககிட்டதான் இருக்கு. போடலாமா?

கருத்தரங்கில் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. சுருக்கமாகச் சொன்னால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திமார் கரியே காரம்தான், பி.எச். 9-க்கு மேல் போகும். மாரில் இருந்த கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரிக்குள் கார்பனேட்டாகவும் ஆக்சைடாகவும் சேர்ந்து நிற்பதுதான் காரணம். இந்தக் காரம் யாருக்குத் தேவை? புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பொறை மண் மாதிரி பி.எச். 5.5-க்குக் கீழே கிடக்கும் நிலத்துக்கு. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வெளியே வரும், வேர் நுனி தடித்துக் குட்டையாகிவிடும், போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். பி.எச். கொஞ்சம் ஏறினால் அலுமினியம் வீழ்படிவாகி அடங்கிவிடும், வேர் கீழே இறங்கும்.

மேலே போட்ட கணக்கைத் தொடர்வோம். கரியின் சுண்ணாம்புச் சமானம் 10 சதவீதம் என்று வைத்தால் 250 கிலோ கரி 25 கிலோ சுண்ணாம்புக்குச் சமம். 63 டன் மண்ணுக்கு அது கிலோவுக்கு 400 மில்லிகிராம். ஒரு கிலோ மண்ணில் 1 சென்டிமோல் மின்னூட்டமுள்ள அலுமினியத்தை அடக்க 500 மில்லிகிராம் சுண்ணாம்பு வேண்டும். ஆக, வரிசை மண்ணில் 0.8 சென்டிமோல் அலுமினியத்தை இந்தக் கரி அடக்கிவிடும். மணற்பாங்கான அமில மண்ணில் அது சின்ன வேலை இல்லை.

கரிசலில் என்ன நடக்கும்? அங்கே சுண்ணாம்புக் கற்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. இன்னும் 25 கிலோ போய் என்ன செய்யப் போகிறது? பி.எச். நகராது. சத்தைப் பிடித்து வைக்கும் திறனும் அப்படித்தான். நல்ல கரிசலில் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 40, 50 சென்டிமோல் இருக்கும். கரியின் திறனை 30 என்று எடுத்தாலும் 0.4 சதவீதக் கரி கூட்டித் தருவது 0.12 மட்டுமே. இதையே 5 சென்டிமோல் உள்ள செம்மண்ணில் பார்த்தாலும் ஏற்றம் 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. "கரி போட்டால் சத்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும்" என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். கரியின் மேற்பரப்பு மண்ணில் பல வருடம் கிடந்து ஆக்சிஜனேற்றம் ஆன பிறகுதான் அந்தத் திறன் வளர்கிறது, புதுக்கரியில் அது குறைவு.

2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு உலகம் முழுக்க நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெப்பமண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது, மிதவெப்ப நாடுகளில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. அட்சரேகையில் மாயம் எதுவும் இல்லை. வெப்பமண்டலச் சோதனைகளில் பல அமிலமான, சத்தற்ற மண்ணில் நடந்தவை. கரிசலும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த 25-ஐ அதற்குப் பொருத்திச் சொல்லக் கூடாது.

நம் ஊர்ச் சிக்கலே இதுதான்: பருத்தி விளைவது கரிசலில், கரி பலன் தருவது செம்பொறையில். பெரம்பலூர் மார் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும், அதற்கு லாரி வாடகை வேண்டும். மாராக ஏற்றாமல் கரியாக்கிக் காயவைத்து ஏற்றினால் எடை நாலில் ஒன்றாகக் குறையும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

தண்ணி பிடிச்சு வைக்கும்னு சொல்றாங்களே, மானாவாரிக்கு அதுவே போதாதா?

மணலில் கொஞ்சம் உதவும். கரி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் பிடித்தாலும் ஒரு கிலோ மண்ணில் இருப்பது 4 கிராம் கரிதான், கூடுதல் தண்ணீர் 8 கிராம். அதிலும் மிக நுண்ணிய துளைகளுக்குள் புகுந்தது வேருக்கு எட்டாது. களி மண்ணில் இதை நம்பிக் கரி போட வேண்டாம்.

கரி போட்ட தொட்டியில மக்காச்சோளம் மஞ்சளாயிடுச்சு. கரி விஷமா?

விஷம் இல்லை, அனேகமாகத் தழைச்சத்துப் பற்றாக்குறை. எனக்கும் நடந்திருக்கிறது. அடி இலையில் நுனியிலிருந்து நடு நரம்பை ஒட்டி ஆங்கில 'வி' வடிவில் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறைவு. கரியில் எளிதில் மட்கும் பகுதி கொஞ்சம் உண்டு. அரைகுறையாக வெந்த கரியில் அது அதிகம். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும், கரியும் அம்மோனியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். மாரில் இருந்த தழைச்சத்தோ பெரும்பகுதி கரியாகும்போதே ஆவியாகிவிட்டது, மிஞ்சியதும் பயிருக்குக் கிடைக்கிற வடிவில் இல்லை.

மருந்து எளிது. கரியைத் தொழு உரத்தோடு சரிக்குச் சரி அளவில் கலந்து, சாணிக் கரைசலோ மாட்டுக் கோமியமோ தெளித்து இரண்டு மூன்று வாரம் ஈரம் காயாமல் நிழலில் வைத்துவிட்டுப் போடுங்கள். வெறும் கரியை மண்ணில் போடவே வேண்டாம் என்பேன்.

மஞ்சள் அடி இலையில் இல்லாமல் இளம் இலையில், அடிப்பகுதியில் நரம்புக்கு இருபுறமும் வெளிறிய பட்டையாகத் தெரிந்தால் கதை வேறு. அது துத்தநாகக் குறைவு. கார மண்ணில் கரியும் சேர்ந்தால் வரக்கூடியது, சாணி போட்டு மட்டும் தீராது.

தொட்டிச் சோதனை செய்யும் மாணவர்களுக்கு இன்னொன்று. பலரும் 2 சதவீதம், 5 சதவீதம் என்று கலக்கிறார்கள். 2 சதவீதம் என்றாலே ஹெக்டேருக்கு 42 டன். அதை வைத்துக்கொண்டு வயலுக்குப் பரிந்துரை எழுதாதீர்கள்.

கரி போட்டும் மண் பரிசோதனையில கரிமம் ஏறவே இல்லையே?

அளக்கும் முறைக்குக் கரி தெரியவில்லை. நம் ஆய்வுக்கூடங்களில் நடப்பது வாக்லி-பிளாக் முறை. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்ந்து மட்கை ஆக்சிஜனேற்றம் செய்யும், ஆனால் கரியில் ஒரு பகுதியைத்தான் அதால் தொட முடியும். கரி சேர்த்த மண்ணுக்கு உலர் எரிப்பு முறையில் இயங்கும் கார்பன் பகுப்பாய்வி வேண்டும். சுண்ணாம்புள்ள மண்ணாக இருந்தால் கார்பனேட் கார்பனைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணில இருக்கும்னு யாரு உட்கார்ந்து பார்த்தாங்க?

இரண்டு வழியில் சொல்கிறார்கள். அமேசான் காட்டில் பழங்குடிகள் வாழ்ந்த இடங்களில் 'தெர்ரா ப்ரேட்டா' என்ற கறுப்பு மண் கிடக்கிறது. சுற்றிலும் வெளுத்த அமில மண் இருக்க, அந்தத் திட்டுகளில் மட்டும் பல நூறு ஆண்டுக் கரி இன்னும் இருக்கிறது. அதில் எலும்பும் கழிவும் உடைந்த மண்பாண்டமும் கலந்திருந்தன, கரி மட்டுமே அந்த வளத்தைத் தந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு வழி, ஐசோடோப்பு அடையாளமிட்ட கரியை மண்ணோடு அடைகாத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடில் கரியிலிருந்து வந்தது எவ்வளவு என்று அளப்பது. 2016-இல் அப்படிப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்ததில், 3 சதவீதம் மூன்று நான்கு மாத அளவில் போகும் என்றும், மீதி 97 சதவீதத்தின் சராசரி தங்குகாலம் 556 ஆண்டுகள் என்றும் வந்தது. இந்த 556 சில மாத, சில வருடச் சோதனைகளிலிருந்து நீட்டிக் கணித்தது என்பதை மறக்க வேண்டாம்.

களைக்கொல்லி அடிக்கிற நிலத்துல போடலாமா?

பார்த்துச் செய்யுங்கள். முளைப்பதற்கு முன் மண்ணில் தெளிக்கும் களைக்கொல்லியைக் கரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், களை முளைத்துவிடும். கரி போட்ட வரிசையில் மட்டும் களை மண்டினால் காரணம் இதுதான். அந்த வரிசைக்குக் கைக்களையே நம்பகமானது.

செம்பொறை மண்ணில் எம்.எஸ்சி. ஆய்வாக வைக்க நினைக்கிறேன். என்னென்ன சிகிச்சை வைக்கணும்?

கரி போட்டது, போடாதது என்று இரண்டை மட்டும் வைத்தால் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்: "பலன் கரியாலா, அதிலிருந்த சுண்ணாம்பாலா?" அதனால் கரியின் சுண்ணாம்புச் சமானத்தை முதலில் அளந்து, அதே அளவு சுண்ணாம்பு மட்டும் போட்ட ஒரு பாத்தி கட்டாயம் வேண்டும். அப்புறம் தொழு உரம் மட்டும், கரியோடு தொழு உரம், எதுவுமில்லாதது. கரி கொண்டுவரும் சாம்பல்சத்தைக் கணக்கிட்டு மற்றப் பாத்திகளிலும் பொட்டாஷைச் சரிக்கட்டுங்கள்.

சுண்ணாம்புப் பாத்தியும் கரிப் பாத்தியும் சமமாக வந்தால் வருத்தப்படாதீர்கள், அதுவும் முடிவுதான். அந்த விவசாயிக்குச் சுண்ணாம்பே மலிவு என்று எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பாத்திகளை அழிக்காமல் மூன்றாம் வருடமும் பி.எச். பாருங்கள். மாதிரியை வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், இடைவெளியிலிருந்து அல்ல. அதனால் முதல் வருடமே வரிசைகளின் இரு முனையிலும் கல் நட்டு வையுங்கள். ஒரு உழவு போட்டால் கரிச்சால் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.